ஒரே ஒரு ஃபிட்டர் இடம்

பதினோராம் வகுப்பு தேறிய வருஷம் நான் ஒரே ஒரு விண்ணப்பம்தான் போட்டேன். போர்ட் பிளேயரில் படகுகளையும் ரோடு போடும் இயந்திரங்களையும் பழுது பார்க்கிற அரசாங்க வொர்க்‌ஷாப் ஒன்றில் அப்ரெண்டிஸ் எடுக்கிறார்கள் என்று எங்கள் ரங்கத் பள்ளிக்கூட நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வெல்டர், டீசல் மெக்கானிக், ஃபிட்டர். ஃபிட்டருக்கு இடம் ஒன்று. பயிற்சிக் காலம் மூன்று வருஷம், மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் பரீட்சை, தேறினால் சான்றிதழ். வேலை தருவதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் தீவில் எந்த வொர்க்‌ஷாப்பிலும் நிற்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா காட்டிலாகாவில் சமையல்காரர். மரம் வெட்டுகிற கேம்ப்களில் தொழிலாளிகளுக்குச் சோறு ஆக்குவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரோடு கூலியாக வந்தவர். வெகுகாலம் கழித்து நிரந்தரமாகி, ரங்கத் பஜாரிலிருந்து கொஞ்ச தூரத்தில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்திருந்தது. அம்மாவும் நானும் அங்கே இருந்தோம். அப்பா கேம்ப்புக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பார். நான் காட்டுக்குள் வரக்கூடாது என்பது மட்டும்தான் அவர் எனக்குச் சொன்ன புத்திமதி. உருளும் கட்டையில் கால் நசுங்கினவர்களுக்கும் மலேரியாவில் விழுந்தவர்களுக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்துக் கொடுத்து அவருக்கு அந்த எண்ணம் ஊறிப்போயிருந்தது.

என்னோடு படித்தவன் ஒருவனும் அதே ஃபிட்டர் இடத்துக்குப் போட்டான். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். அவன் அப்பா ரங்கத் துறையில் மீன்பிடித்தார். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போடுகிறோமே என்ற கூச்சம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. தீவு முழுவதிலுமிருந்து எத்தனையோ பேர் போடுவார்கள், நம் இருவருக்குமே கிடைக்காது என்று பேசிச் சிரித்துக்கொண்டோம்.

விண்ணப்பத்தை நிரப்புவதே பெரிய வேலையாக இருந்தது. மதிப்பெண் பட்டியல் டில்லியிலிருந்து கப்பலேறி வர வேண்டும். அது வந்ததும் பள்ளிக்கூட டைப்பிஸ்ட் நகல் அடித்துக் கொடுத்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நகலில் கெஜட் பதிவு பெற்ற அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். ரங்கத்தில் அப்போது எங்கள் கைக்கு எட்டியவர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான். நோயாளிகள் வரிசையிலேயே நின்று கையெழுத்து வாங்கினோம். நன்னடத்தைச் சான்று தலைமையாசிரியர் தந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்த அட்டைக்குத் தபாலில் எழுதிப் போட்டுக் காத்திருந்தோம்.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. முன் அனுபவம்.

பஜாரில் பலரும் பலதைச் சொன்னார்கள். போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டில் தெரிந்த பட்டறைக்காரர் இருக்கிறார், ஒரு வருஷம் வேலை பார்த்ததாக எழுதித் தருவார் என்று ஒருவர் சொன்னார். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு டைப் அடிப்பதை நிறுத்தினார்.

"ஏலே, பள்ளிக்கூடத்துல இருந்தேன்னு ஒரு சர்ட்டிபிகேட், அதே வருசம் பட்டறையில இருந்தேன்னு இன்னொன்னு. ரெண்டையும் சேத்து ஊசி குத்தி அனுப்புவியா? தெரியாதவனுக்குக் கத்துக்கொடுக்கத்தான அவுக ஆள் கேக்காவ. இல்லைன்னே போடு. வேற என்ன செஞ்சிருக்கியோ அதை எழுது."

வேறு என்ன செய்திருக்கிறேன்? பஜாரில் நெல் அரைக்கும் மில்லில் லீவு நாட்களில் போய் நிற்பேன். இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவேன், பெல்ட் கழன்றால் மாட்டுவேன். மில்காரர் சம்பளம் என்று எதுவும் தந்ததில்லை, அதனால் அதை வேலை என்று நான் நினைத்ததும் இல்லை. வீட்டுத் தையல் மெஷினை ஒருமுறை முழுக்கக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் துருப்பிடித்துக் கிடந்த அளவு கருவிகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம் ஒரு தனித்தாளில் எழுதினேன். வேலை அனுபவம் எனக்கு இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். அண்ணாச்சி இங்கிலீஷில் திருத்தி அடித்துக் கொடுத்தார்.

கடைசியில் விலாசம். நண்பன் லம்பா லைனில் இருக்கும் தன் அக்கா வீட்டு விலாசத்தைப் போட்டான். போர்ட் பிளேயருக்குள் தபால் மறுநாளே வந்துவிடும். என்னையும் அதையே போடச் சொன்னான். எனக்கு அது சரியாகப் பட்டது. அன்று அப்பா வீட்டில் இருந்தார், கேட்டேன்.

அப்பா சொன்னார், "வந்த புதுசுல எனக்குக் கடுதாசி வந்தா கான்ட்ராக்டர் பேருக்குத்தான் வரும். அவன் உடைச்சுப் படிச்சிட்டு, இஷ்டம் இருந்தா தருவான். எங்க அம்மா செத்த சேதியே எனக்கு அப்படித்தான் லேட்டா வந்துச்சு. இப்ப நமக்குன்னு ஒரு வீடு இருக்கு, நம்பர் இருக்கு. அதைப் போடுலே."

மறுத்துப் பேச என்ன இருக்கிறது? போட்டேன்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட கடிதம் அந்த விலாசத்துக்கு ஒழுங்காகத்தான் வந்தது. வெயில் காலம், கடல் அமைதி, கப்பல் சொன்ன நாளில் வந்தது. நானும் நண்பனும் சேர்ந்தே போர்ட் பிளேயருக்குப் போனோம். அவன் அக்கா வீட்டில் தங்கினோம். அந்த அக்கா எங்கள் இருவர் சட்டைகளுக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுத்தாள். "ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சாலும் எனக்குச் சந்தோசந்தான்" என்றாள். அவள் மனதார அப்படிச் சொன்னாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வொர்க்‌ஷாப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர், அவரை எல்லோரும் சாப் என்றார்கள். பக்கத்தில் ஃபோர்மேன், தெலுங்குக்காரர். மூன்றாவது ஆள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர். பேச்செல்லாம் இந்தியில் நடந்தது. சாப் என் தனித்தாளைக் கையில் வைத்திருந்தார். அனுபவம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே என்றார். ஆமாம் என்றேன். ஃபோர்மேன் ஒரு குழாய்த் துண்டையும் வெர்னியர் காலிப்பரையும் என் முன்னால் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் நான் துடைத்து வைத்த அதே வகைக் கருவி. குழாயின் வெளி அளவையும் உள் அளவையும் சொன்னேன். அவர் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு திருகாணியைக் கொடுத்து இது எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்றார். சொன்னேன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஏன் இல்லை என்று கேட்டார். அது தெரியாது, மில்காரர் இன்ஜினை என் முன்னால் திறந்ததில்லை என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஃபோர்மேன்தான், காற்றை நெருக்கினால் சூடாகும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்று விளக்கினார். அதைச் சொன்ன விதத்தில், இனிமேலும் எனக்குப் பலது சொல்லப்போகிறவர் மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை.

முடிவைத் தபாலில் தெரிவிப்போம் என்றார்கள். நண்பன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான், மச்சானோடு படகுக்குப் போக ஆள் தேவையாக இருந்தது. நான் அடுத்த கப்பலில் ரங்கத் திரும்பினேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் தென்மேற்குக் காற்று வந்த வேகத்தில் ரங்கத் துறையில் கப்பல் கட்ட முடியவில்லை. ஒரு கப்பல் எங்கள் கண்முன்னே வெகு தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வடக்கே மாயாபந்தர் பக்கம் போய்விட்டது. அடுத்தது புறப்படவே இல்லை என்றார்கள். பஜாரில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தீர்ந்தன. அம்மா தினமும் தபால் ஆபீஸுக்குப் போய்வா என்பாள். போவேன். போஸ்ட்மாஸ்டர் ஒரு வங்காளி. என்னைப் பார்த்ததும் அவரே ஜன்னல் வழியாகக் கையை விரித்துவிடுவார்.

கடல் அடங்கிக் கப்பல் வந்தபோது மூட்டை மூட்டையாகத் தபால் வந்தது. போஸ்ட்மாஸ்டர் எனக்காக முதல் மூட்டையை அவிழ்த்தார். அதில் எனக்குக் கடிதம் இருந்தது. ஃபிட்டர் தொழிலில் நான் தேர்வாகியிருக்கிறேன், மருத்துவப் பரிசோதனைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் பெற்றோருடன் வர வேண்டும், குறித்த தேதிக்குள் வராவிட்டால் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்கு இடம் போய்விடும். அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். குறித்த தேதி போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டில் அம்மா முதல் வரியைக் கேட்டதும் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மிச்சத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேம்ப்புக்கு ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தோம். அவர் வந்து, நான் வாசித்துக் காட்டியதைக் கேட்டார். தேதியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"கப்பல் இன்னும் துறையிலதான் நிக்கி. கெளம்பு" என்றார்.

கப்பலில் அவர் மேல்தட்டில் மழைச்சாரல் அடிக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

வொர்க்‌ஷாப் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவைப் படா பாபு என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, என் கடிதத்தை வாங்கிப் பார்த்து, அனுப்பிய பதிவேட்டைத் திறந்து நாளைச் சரிபார்த்தார். கடிதம் சரியான நாளில்தான் போயிருக்கிறது என்றார். குறித்த நாள் வரைக்கும் பார்த்தோம், அதற்கு மேலும் இரண்டு நாள் பார்த்தோம், பிறகு அடுத்தவரைச் சேர்த்துக்கொண்டோம், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிப் பதிவுக்கும் போய்விட்டது என்றார்.

அப்பா தன் கேம்ப் இந்தியில் மெதுவாகக் கேட்டார். ரங்கத் போலீஸ் ஸ்டேஷனில் வயர்லெஸ் இருக்கிறதே, அதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படா பாபு, அது சர்க்கார் செய்திக்கு மட்டும் என்றார். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டார். அப்பா தலையை ஆட்டினார், அந்த விதி நியாயம்தான் என்று அவர் சம்மதிப்பது போல.

சாப்பைப் பார்க்கவும் விட்டார்கள். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஸ்பார்க் பிளக், என்றார். எத்தனை இடத்துக்கு அனுமதி உண்டோ அத்தனைதான் எடுக்க முடியும், கூட ஒருவரை நிறுத்தினால் அவனுக்கு உதவித்தொகையும் கிடையாது, பரீட்சையும் எழுத முடியாது என்று விளக்கினார். சும்மாவாவது வந்து நிற்கட்டுமே என்று அப்பா கேட்டார். மெஷின் ஓடுகிற இடம், ஒப்பந்தம் இல்லாத பையனுக்குக் கை போனால் யார் பொறுப்பு என்றார் சாப். அவர் சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது ஒருவர் எங்களை விரட்டியிருந்தால், ஏசியிருந்தால், கோபித்துக்கொள்ளவாவது ஆள் இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது சாப்பாட்டு மணி அடித்திருந்தது. ஷெட்டிலிருந்து பையன்கள் கை கழுவ வந்தார்கள். அவர்களில் ஒருவன், வொர்க்‌ஷாப் தந்த நீலச் சட்டையில், கையெல்லாம் கிரீஸோடு, எங்களைப் பார்த்து அப்படியே நின்றான். என் நண்பன்.

அடுத்தவர் யார் என்று படா பாபு சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

அவன் ஓடிவந்தான். முதலில் என்னிடம் இல்லை, அப்பாவிடம்தான் பேசினான்.

"மாமா, அக்கா மேல சத்தியமா, இடம் இவனுக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் சொல்லி அனுப்பினேன். மச்சான் கப்பல்ல வேலை பாக்கிற ஒருத்தர்ட்ட சொன்னாரு, அந்தக் கப்பல் ரங்கத்துல நிக்கவே இல்ல. நான் வேண்டாம்னா இவனுக்கு வந்துருமான்னு பாபுட்ட கேட்டேன். வராது, எனக்கு அடுத்த ஆளுக்குப் போவும்னாரு. அதுக்கப்புறந்தான் கையெழுத்துப் போட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தான். "இப்ப விட்டுட்டு வாரேன்னாலும் எங்கப்பா சர்க்காருக்குத் துட்டு கட்டணுமாம்ல. ஒப்பந்தத்துல அப்படி இருக்கு."

எனக்குப் பொறாமையோ கோபமோ வந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவன் சட்டையின் முதுகுப் பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தொங்குவதை மட்டும் பார்த்தேன். ஒரே உயரம் நாங்கள், ஆனால் நான் கொஞ்சம் பருமன். ஒருவேளை முதலில் எனக்காக எடுத்து வைத்ததோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. போய்ச் சாப்பிடுலே, மணி அடிச்சிரும் என்றேன்.

அப்பா அவன் தலையில் கை வைத்து, "நல்லாப் படி அய்யா" என்றார்.

லம்பா லைனுக்கு வரச் சொல்லி அவன் கெஞ்சினான். நாங்கள் போகவில்லை. ஜங்லிகாட்டில் ஒரு டீக்கடையில் கப்பல் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு சின்னப் பட்டறையில் யாரோ இரும்பை அராவிக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே போய்ப் பையனைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீ ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை விலாசத்தைப் போடுறேன்னு நீ அன்னைக்கே சொன்ன."

"விடுங்கப்பா."

"நாந்தான் வேண்டாம்னேன்."

நான் மறுபடியும் விடுங்கப்பா என்றேன். அவர் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். ஃபிட்டருக்கு எடுக்கவில்லை. இடத்தில் இருப்பவன் மூன்று வருஷம் முடித்து வெளியே போனால்தான் அது காலியாகும். வெல்டருக்குப் போட்டேன், கூப்பிடவில்லை. அதற்குள் அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்து கேம்ப் வேலைக்குப் போக முடியாமல் ஆனது. ரேஞ்சரிடம் கேட்டு அம்மா என்னை மஸ்டர் ரோலில் சேர்த்துவிட்டாள், மரம் வெட்டும் கேம்ப்பில் தினக்கூலியாக. அப்பா எங்கே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாரோ அங்கேதான். கிளம்பிய காலையில் அவர் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். போய்ட்டு வாரேன் என்றேன். முதுகு மட்டும் அசைந்தது.

நண்பன் மூன்று வருஷம் முடித்ததும் அந்த இடம் மறுபடியும் காலியானது. அறிவிப்பைப் பஜாரில் பார்த்தேன். போர்ட் பிளேயருக்கே போய்ப் படா பாபுவிடம் கேட்டேன். அவர் என் கைகளைப் பார்த்தார், காய்த்துப் போயிருந்தன. இப்போது பள்ளி முடித்து வந்தவர்களையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், உன் கணக்கும் இங்கிலீஷும் மறந்திருக்கும், போடுவதென்றால் போடு, நான் தடுக்கவில்லை என்றார். போட்டேன். முன் அனுபவம் என்ற கட்டத்தில் இரண்டு வருஷம் காட்டு வேலை என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அதே சமயம் நண்பன் பரீட்சையில் தேறினான், அவனை அங்கேயே வேலையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கம்பளி அனுப்பினான். அப்பா அதைப் போர்த்திக்கொள்ளவே இல்லை. அவர் இறந்த பிறகு அம்மாதான் பல வருஷம் போர்த்திக்கொண்டாள்.

நான் காட்டிலேயே நிரந்தரமானேன், காட்டிலிருந்தே ஓய்வு பெற்றேன். விரல்கள் முழுசாக இருக்கின்றன, கால்கள் இருக்கின்றன. என்னோடு சேர்ந்த பலருக்கு அதுவும் இல்லை. மனைவி இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுவாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் மழைக் காலத்தில் கப்பல் வரவில்லை என்று பஜாரில் யாராவது பேசினால், நான் அங்கே நிற்பதில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.